12 லட்சம் வரை வரி இல்லை... 13 லட்சம் வந்தால்? ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு

‘12 லட்சம் வரைக்கும் டாக்ஸே கிடையாதாமே!’ - 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு டீக்கடை முதல் ஐடி கேன்டீன் வரை அடிபட்ட வாசகம் இது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. வருடத்துக்கு எவ்வளவு வரும் என்பது ஏப்ரலிலேயே தெரியும். பிடிக்க வேண்டிய வரியை கம்பெனியே பிடித்துவிடும். ஆனால், வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் பத்துப் பதினைந்து பேருக்கு வேலை செய்து கொடுத்து, ஒரு மாதம் 20 ஆயிரம், இன்னொரு மாதம் ஒன்றரை லட்சம் என்று வாங்குபவர்களுக்கு இந்த வாசகம் பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன என்பது பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் தெரியவருகிறது. அப்போது கையில் பணம் இருப்பதில்லை.

மதுரையில் இருக்கும் ஒரு கன்டென்ட் ரைட்டரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பெங்களூரு ஸ்டார்ட்-அப்கள் இரண்டு, அமெரிக்கா, சிங்கப்பூரிலிருந்து நாலைந்து கிளையன்ட்கள், இவை தவிர ஜிபே-யில் எட்டாயிரம், பத்தாயிரம் என்று அனுப்பும் உள்ளூர் யூடியூபர்கள். 2025-26 நிதியாண்டில், டிசம்பர் 15 வரை இவருக்கு வந்த மொத்தத் தொகை 9.5 லட்சம். இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, ஆன்லைன் தளங்களின் கமிஷன் என்று செலவு 1.1 லட்சம். ஆக, லாபம் 8.4 லட்சம். மார்ச்சுக்குள் இன்னும் மூன்றரை லட்சம் வரலாம், செலவு ஐம்பதாயிரம் ஆகலாம் என்று கணக்குப் போட்டால் வருட லாபம் 11.4 லட்சம். ‘12-ஐத் தாண்டாது, டாக்ஸ் இல்லை’ என்று நிம்மதியாகிவிடுகிறார். கணக்கும் சரிதான்.

ஜனவரியில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று புதிதாக ஒரு வேலை தருகிறது. பிப்ரவரியில் 2 லட்சம் ரூபாய் வந்து விழுகிறது. சந்தோஷமான செய்திதான். ஆனால், வருட லாபம் இப்போது 13.4 லட்சம். இதற்கான வரி 84,240 ரூபாய். அதாவது, கூடுதலாக வந்த 2 லட்சத்தில் நூற்றுக்கு 42 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது!

இது எப்படி?

வரம்பு வேறு, தள்ளுபடி வேறு

புதிய வரி முறையில் உண்மையில் வரி இல்லாத வருமானம் 4 லட்சம் வரைதான். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், 12 முதல் 16 வரை 15 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். 12 லட்சம் லாபத்துக்கு இந்தக் கணக்கில் 60 ஆயிரம் ரூபாய் வரி வருகிறது. அந்த 60 ஆயிரத்தைத்தான் பிரிவு 87ஏ மூலம் அரசு தள்ளுபடி செய்கிறது. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டால் தள்ளுபடி போய்விடும். 4 லட்சத்துக்கு மேல் உள்ள எல்லாவற்றுக்கும் வரி திரும்பி வந்து நிற்கும்.

நம் கன்டென்ட் ரைட்டருக்கு 4 முதல் 8 வரை 20 ஆயிரம், 8 முதல் 12 வரை 40 ஆயிரம், அதற்கு மேல் உள்ள 1.4 லட்சத்துக்கு 21 ஆயிரம். ஆக 81 ஆயிரம். அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 84,240.

ஒரு ரூபாய் கூடியதற்காக 60 ஆயிரம் கட்டச் சொல்வது அநியாயம் என்பதால், சட்டத்தில் ஒரு சின்ன நிவாரணமும் இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்தீர்களோ, அதைவிட வரி அதிகமாகக் கூடாது. லாபம் 12.5 லட்சம் என்றால் கணக்குப்படி 67,500 வர வேண்டிய வரி, 50 ஆயிரத்தோடு நிறுத்தப்படும். ஆனால் அதன் மேல் 2 ஆயிரம் செஸ் உண்டு. அதாவது, கூடுதலாகச் சம்பாதித்தது 50 ஆயிரம், கட்டுவது 52 ஆயிரம். கிட்டத்தட்ட 12 லட்சத்து 70 ஆயிரம் வரை இதே கதைதான். உழைத்து வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகும்.

சம்பளக்காரர்களுக்கு 75 ஆயிரம் ரூபாய் நிலையான கழிவு உண்டு என்பதால் அவர்களுக்கு இந்த எல்லை 12.75 லட்சம். ஃப்ரீலான்சருக்கு அந்தக் கழிவு கிடையாது. ‘பன்னிரண்டே முக்கால் வரைக்கும் பிரச்சினை இல்லப்பா’ என்று ஐடி நண்பர் சொல்வதை நம்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி எல்லாம் இந்த 12 லட்சத்துக்குள் சேரும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. லாபம் 12.5 லட்சம் என்று நிற்கும் ஒருவர், எழுதாமல் விட்ட உண்மையான செலவு பில்கள் 50 ஆயிரத்துக்கு இருந்து, அவற்றைத் தேடி எடுத்துவிட்டால் அவருடைய வரி 52 ஆயிரத்திலிருந்து பூஜ்யமாகிவிடும். லேப்டாப் வாங்கிய பில் இதற்கு நல்ல உதாரணம். விலை முழுவதையும் ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், அந்த வருடத்தில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் 20 சதவீதம். 80 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பை ஜூனில் வாங்கியிருந்தால் 32 ஆயிரம் செலவாக எழுதலாம். ஜனவரியில் வாங்கியிருந்தால் 16 ஆயிரம்தான். புதிய வரி முறையில் 80சி போன்ற சேமிப்புக் கழிவுகள் போய்விட்டாலும், தொழில் செலவைக் கழிப்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஆகவே, செலவுக் கணக்கு எழுதுவது வெறும் ஒழுங்குக்காக இல்லை. இந்த எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு அது நேரடிப் பணம்.

பேங்க் ஸ்டேட்மென்ட் ஏன் போதாது?

‘எல்லாப் பணமும் பேங்க் வழியாத்தானே வருது, வருஷக் கடைசியில ஸ்டேட்மென்ட் எடுத்து ஆடிட்டர்கிட்ட கொடுத்தா போச்சு’ என்பதுதான் பெரும்பாலானோரின் வழி. பிரச்சினை என்னவென்றால், பேங்கில் விழும் தொகை வருமானம் அல்ல. அது வருமானத்தில் மிஞ்சியது.

பெங்களூரு ஸ்டார்ட்-அப்புக்கு 60 ஆயிரம் ரூபாய்க்கு பில் அனுப்பினால், 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 54 ஆயிரம் அனுப்புவார்கள். வருமானம் 60 ஆயிரம்தான். அந்த 6 ஆயிரம், நம் பான் எண்ணில் அரசிடம் ஏற்கெனவே கட்டப்பட்ட வரி. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து 54 ஆயிரம் என்று ரிட்டர்னில் காட்டினால், வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கையில் 60 ஆயிரம் என்று இருக்கும். பொருந்தவில்லை என்று நோட்டீஸ் வருவது இப்படித்தான்.

இந்த டிடிஎஸ்-ஸில் அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். தொழில்முறைக் கட்டணத்துக்கு, ஒரு நிறுவனம் ஒருவருக்கு வருடத்தில் 50 ஆயிரத்துக்கு மேல் கொடுத்தால்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் (2025 ஏப்ரலுக்கு முன்பு இது 30 ஆயிரமாக இருந்தது). முதல் பில் 30 ஆயிரத்துக்கு முழுப் பணமும் வந்துவிடும். இரண்டாவது பில் 40 ஆயிரம். இப்போது மொத்தம் 70 ஆயிரம், வரம்பு தாண்டியாச்சு. டிடிஎஸ் 70 ஆயிரத்துக்கும் சேர்த்து 7 ஆயிரம் பிடிக்கப்படும். 40 ஆயிரம் எதிர்பார்த்தவருக்கு 33 ஆயிரம் வரும். ‘ஏமாத்திட்டாங்க’ என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால், பிடித்ததை அவர்கள் உண்மையிலேயே கட்டினார்களா என்பதை படிவம் 26ஏஎஸ்-ஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். அதில் வரவில்லை என்றால் கிளையன்டிடம் உடனே கேட்க வேண்டும். வருடம் முடிந்து, அந்தக் கம்பெனியே மூடப்பட்ட பிறகு கேட்டுப் பயன் இல்லை.

வெளிநாட்டுப் பணத்தில் வேறு மாதிரிச் சிக்கல். 500 டாலருக்கு வேலை செய்தால், தளம் 10 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 450 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 38,250 வர வேண்டும். மாற்று விகிதத்தில் கொஞ்சம் கழிந்து 37,500 வருகிறது. இங்கே வரவு 42,500. கமிஷன் 4,250-ம், மாற்று விகிதத்தில் போன 750-ம் செலவு. லாபக் கணக்கில் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றுதான். ஆனால், ஜிஎஸ்டி பதிவு தேவையா என்பதை முடிவு செய்யும் 20 லட்சம் வரம்பு, லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த வரவைத்தான் பார்க்கிறது. வெளிநாட்டு கிளையன்டுக்குச் செய்த வேலையும் அந்த 20 லட்சத்தில் சேரும். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்பது வேறு விஷயம். பதிவு வேண்டுமா என்பது வேறு விஷயம். கைக்கு வந்ததை மட்டுமே எழுதிக்கொண்டிருப்பவர், அந்த எல்லையைத் தாண்டியதைத் தெரியாமலே தாண்டிவிடுவார்.

ஏழு பத்திகள் போதும்

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். போனிலேயே திறக்கும் ஒரு கூகுள் ஷீட் போதும். ஏ பத்தியில் பணம் வந்த தேதி, பி-யில் கிளையன்ட் பெயரும் பில் எண்ணும், சி-யில் பில் தொகை, டி-யில் டிடிஎஸ், இ-யில் கமிஷனும் வங்கிக் கட்டணமும், எஃப்-ல் கைக்கு வர வேண்டியது, ஜி-யில் வரிக்காக எடுத்து வைக்க வேண்டியது. ஒரு வரவுக்கு ஒரு வரி. கடைசி இரண்டு பத்திகளையும் ஷீட்டே நிரப்பிக்கொள்ளும்:

```
F2:  =C2-D2-E2
G2:  =MAX(0, C2*8% - D2)
```

எஃப் பத்தியில் வரும் தொகையும் பேங்கில் வந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால், எங்கோ ஒரு பிடித்தம் நமக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. அன்றைக்கே கேட்டால் பதில் கிடைக்கும். பத்து மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஜி பத்தியில் இருக்கும் 8 சதவீதம் எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன கன்டென்ட் ரைட்டரின் மொத்த வரவு 15 லட்சம், வரி 84,240. வரவில் இது 5.6 சதவீதம். வரவு 18 லட்சமாகவும் செலவு 1.8 லட்சமாகவும் உயர்ந்தால் வரி 1,28,960, சதவீதம் 7.2. அதாவது, எதிர்பார்த்ததைவிட மூன்று லட்சம் அதிகம் வந்தாலும் 8 சதவீதம் தாங்கும். இது அவருக்கான எண். செலவு குறைவாக, வரவு 25 லட்சமாக இருப்பவருக்கு 8 போதாது. போன வருடம் கட்டிய மொத்த வரியைப் போன வருட மொத்த வரவால் வகுத்து, அதோடு இரண்டு, இரண்டரை சதவீதம் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் ஏற்ற எண் கிடைத்துவிடும். போன வருடம் வரியே வரவில்லை, ஆனால் இந்த வருடம் 12-ஐ நெருங்கலாம் என்று தோன்றினால் 8-ல் தொடங்கலாம்.

யூடியூபில் ‘வருமானத்தில் 30 சதவீதத்தை வரிக்கு எடுத்து வையுங்கள்’ என்று சொல்லும் ஆங்கில வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவை அமெரிக்காவுக்கானவை. அங்கே சுயதொழில் செய்பவர் வருமான வரிக்கு மேல் 15.3 சதவீதம் தனி வரியும் கட்ட வேண்டும். மதுரையில் உட்கார்ந்து 15 லட்சம் வாங்குபவர் அதைப் பின்பற்றினால் வாடகைக்குத் திண்டாட வேண்டியதுதான். நாலு மாதம் எடுத்து வைத்துவிட்டு, ‘கட்டுப்படியாகல’ என்று மொத்தமாக விட்டுவிடுவார்.

சூத்திரத்தில் டிடிஎஸ்-ஸைக் கழிப்பதற்குக் காரணம் உண்டு. 10 சதவீதம் பிடித்த வரவில் நாம் எதுவும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஜி-யில் பூஜ்யம் வரும். சில நிறுவனங்கள் ஒப்பந்த வேலை என்று எடுத்துக்கொண்டு 1 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். அங்கே மீதி 7 சதவீதத்தை நாம் எடுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்திலும் யூடியூபர் அனுப்பும் ஜிபே-யிலும் பிடித்தமே இருக்காது. முழு 8 சதவீதமும் நம் பொறுப்பு. இந்த வேறுபாடு புரியாமல்தான், ‘எனக்குத்தான் டிடிஎஸ் பிடிக்கிறாங்களே’ என்று பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். 15 லட்சத்தில் இரண்டு லட்சத்துக்குத்தான் பிடித்திருப்பார்கள்.

எடுத்து வைக்கும் பணம் வேறொரு பேங்க் கணக்கில் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தக் கணக்கை எந்த யுபிஐ செயலியிலும் இணைக்கக் கூடாது. இணைத்துவிட்டால் அது வரிப் பணமாக இருக்காது, ஸ்விக்கி பணமாகிவிடும். பணம் வந்த அன்றே மாற்ற முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷீட்டைத் திறந்து, அந்த வாரத்து ஜி பத்தியைக் கூட்டி, ஒரே தடவையாக மாற்றிவிடலாம்.

மார்ச் 15-ல் என்ன நடக்கும்?

டிடிஎஸ் போக வருடத்துக்குக் கட்ட வேண்டிய வரி 10 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் வரை காத்திருக்க முடியாது. அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும்.

நம் கன்டென்ட் ரைட்டருக்கு, பெங்களூரு நிறுவனங்கள் கொடுத்த 2 லட்சத்தில் 20 ஆயிரம் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். 84,240-ல் அது போக 64,240 கட்ட வேண்டும். பிடித்தம் இல்லாமல் வந்த 13 லட்சத்தில் 8 சதவீதம் எடுத்து வைத்திருந்தால், அந்தக் கணக்கில் சுமார் ஒரு லட்சம் இருக்கும். அதிலிருந்து கட்டிவிடலாம், மிச்சம் அடுத்த வருடத்துக்கு.

எடுத்து வைக்காதவராக இருந்தால்? ‘ஜூலையில ரிட்டர்ன் போடும்போது பாத்துக்கலாம்’ என்பார். அப்போது கட்டினால் வட்டி எவ்வளவு ஆகும் என்று பார்த்தால், தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வீதம் நான்கு மாதத்துக்கு 2,568 ரூபாய், தவணைகளைத் தவறவிட்டதற்கு 3,240 ரூபாய், ஆக 5,808. உண்மையைச் சொன்னால், இந்த வட்டி ஒன்றும் குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை இல்லை. கவிழ்ப்பது அந்த 64 ஆயிரம்தான். பிப்ரவரியில் 2 லட்சம் வந்ததை நம்பி பைக்குக்கு முன்பணம் கொடுத்திருப்பார். ஏப்ரல், மே மாதங்களில் வேலை மந்தமாக இருக்கும். ஜூலையில் கிரெடிட் கார்டில் வரி கட்டி, அதற்கு மாதம் மூன்று சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டுவார். 8 சதவீதத்தை எடுத்து வைப்பது வட்டியை மிச்சப்படுத்த அல்ல, இந்த நிலைமை வராமல் தடுக்கத்தான்.

இங்கே சட்டத்தின் மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன 3,240-ல் 2,598 ரூபாய், ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளைக் கட்டாததற்காக. அந்த மாதங்களில் இவருக்கு வரியே வராது என்றுதான் கணக்கு சொன்னது. பிப்ரவரியில் சிங்கப்பூர் வேலை வரும் என்று ஜூனில் யாருக்குத் தெரியும்? மார்ச் 15-ல் முழு வரியையும் கட்டினாலும் இந்த 2,598 தப்பாது. பங்கு விற்ற லாபம், லாட்டரிப் பரிசு, டிவிடெண்ட் ஆகியவை எதிர்பாராமல் வந்தால், முந்தைய தவணைகளுக்கு வட்டி இல்லை என்று இதே சட்டம் சலுகை தருகிறது. லாட்டரிக்கு உள்ள சலுகை, எதிர்பாராமல் வந்த வேலைக்கு இல்லை. மாதா மாதம் ஒரே அளவு வருமானம் வரும் வியாபாரத்தை மனதில் வைத்து எழுதிய விதி இது. ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் பொருந்தவில்லை. திருத்துவதில் அரசுக்குப் பெரிய இழப்பும் இல்லை.

எல்லோருக்கும் இதே கணக்கா?

இல்லை. சாஃப்ட்வேர் டெவலப்பர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டிட வடிவமைப்பு, கணக்குத் தணிக்கை, தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற பட்டியலிடப்பட்ட தொழில் செய்பவர்கள், பிரிவு 44ஏடிஏ-வின்படி, வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம். மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. செலவு பில் எதுவும் காட்ட வேண்டாம். அட்வான்ஸ் டாக்ஸும் மார்ச் 15-ல் ஒரே தவணைதான்.

இந்த வழியில் போகும் டெவலப்பருக்கு, வேறு வருமானம் இல்லை என்றால், 24 லட்சம் வரவு வரை வரி இல்லை. 15 லட்சம் வாங்கும் டெவலப்பர் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். அதே 15 லட்சம் வாங்கும் கன்டென்ட் ரைட்டர் 84 ஆயிரம் கட்ட வேண்டும். தகவல் தொழில்நுட்பம் 2001-லேயே பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து எழுதியும் மொழிபெயர்த்தும் பிழைப்பவர்கள் இன்னும் அதில் இல்லை. கிராஃபிக் டிசைனர், டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்பவர் போன்றவர்கள் எங்கே வருவார்கள் என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. செய்யும் வேலை உண்மையில் என்ன என்பதைப் பொறுத்து அது மாறும். ஆகவே, ‘ஃப்ரெண்ட் 50 பர்சென்ட் காட்டினான், நானும் காட்டறேன்’ என்று போகாமல், ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

44ஏடிஏ-வில் வருபவர்களுக்கும் ஷீட்டின் சி, டி பத்திகள் வேண்டும். பாதி என்பது எதில் பாதி? டிடிஎஸ்ஸும் கமிஷனும் கழிவதற்கு முன்னால் உள்ள தொகையில் பாதி. பேங்கில் விழுந்ததில் பாதி போட்டவர்களுக்கும் நோட்டீஸ் வருவது உண்டு.

மார்ச் பில், ஏப்ரல் பணம்

கடைசியாக ஒரு இடம். மார்ச் 25-ல் ஒரு நிறுவனத்துக்கு 60 ஆயிரத்துக்கு பில் அனுப்பியாச்சு. பணம் ஏப்ரல் 10-ல் வருகிறது. பணம் வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதுபவருக்கு இது அடுத்த வருட வருமானம். ஆனால், அந்த நிறுவனம் மார்ச் 31-க்குள் கணக்கில் ஏற்றி, டிடிஎஸ் பிடித்து, இந்த வருடத்தில் காட்டிவிடும். 26ஏஎஸ்-ஸில் 6 ஆயிரம் டிடிஎஸ் இந்த வருடத்தில் நிற்கும். 60 ஆயிரம் வருமானம் நம் ஷீட்டில் அடுத்த வருடத்தில் நிற்கும்.

வருமானத்தைக் காட்டாமல் டிடிஎஸ்-ஸை மட்டும் இந்த வருடம் கேட்கக் கூடாது. டிடிஎஸ், அதற்குரிய வருமானம் காட்டப்படும் வருடத்தில்தான் கிடைக்கும். ரிட்டர்ன் படிவத்தில் அந்த 6 ஆயிரத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவதற்குத் தனி இடம் இருக்கிறது. அதில் எழுதிவிட்டால் போதும். இதற்காகவே ஷீட்டில் பில் தேதியையும் பி பத்தியிலேயே குறித்து வைப்பது உதவும். ஒரு வருடம் பணம் வந்த தேதி, இன்னொரு வருடம் பில் தேதி என்று வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதை மட்டும் செய்யக் கூடாது.

வரி கட்டும்போது incometax.gov.in தளத்தில் e-Pay Tax பகுதிக்குப் போய், Advance Tax (100) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருடம் முடிந்த பிறகு ரிட்டர்னுக்காகக் கட்டுவது Self-Assessment Tax (300). ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. 2025-26-ல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. மாற்றிப் போட்டுவிட்டால் பணம் வேறு வருடத்தில் போய் உட்கார்ந்துவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்த இரட்டைப் பெயர்கள் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயர்தான். பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். கட்டிய சலான் பிடிஎஃப்-பை, அந்த ஷீட் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டுவிடலாம்.